டாக்டர் ‘சரி’ சொல்லி மாதங்கள் ஆகின்றன, தொட்டாலே விறைத்துப் போகிறாள்

நடுநிசி அப்பா · ஜூன் 3, இரவு 11:48

குழந்தைக்கு ஐந்து மாதம். சுகப்பிரசவம், தையல் போட்டார்கள். ஆறாவது வாரப் பரிசோதனையில் “ஆறிவிட்டது, இனி சேர்ந்து இருக்கலாம்” என்று மருத்துவர் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு முறை முயன்றோம். இரண்டு முறையும் வலிக்கிறது என்றாள், நிறுத்திவிட்டேன். இப்போது நான் கேட்பதே இல்லை. ஆனால் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது தோளில் கை வைத்தால்கூட அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடுகின்றன. கையை எடுத்தவுடன் இறங்குகின்றன.

முழுக்கத் தாய்ப்பால்தான். மாதவிடாய் இன்னும் வரவில்லை. போன வாரம் “நான் யாருன்னே எனக்குத் தெரியல” என்றாள். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். இன்னும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? காத்திருப்பதைத் தவிர நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

ராஜ்72 · ஜூன் 4, காலை 6:20

தம்பி, இது முழுக்க ஹார்மோன் விஷயம். பால் கொடுக்கும்வரை இப்படித்தான் இருக்கும். ஆறு மாதத்தில் திட உணவு ஆரம்பித்தால் தானாகச் சரியாகிவிடும். அதுவரை இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லுங்கள். தசை பலமானால் வலியும் போகும். பொறுமையாக இருங்கள், அவ்வளவுதான்.

இடுப்புத்தளம் · ஜூன் 4, காலை 9:05

பிரசவமான பெண்களுக்கு இடுப்புத்தளப் பிசியோதெரபி செய்வதுதான் என் வேலை.

ராஜ் சார் ஹார்மோன் பற்றிச் சொன்னது பாதி சரி. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் உயர்ந்திருக்கும் காலத்தில் சினைப்பை அடங்கியே இருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்து, பிறப்புவாயின் தோல் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இருப்பதுபோல் மெலிந்து உலர்ந்து போகும். அது ஆசை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே அல்ல. மனம் முழுக்க விரும்பினாலும் ஈரம் வராது. சிசேரியன் ஆனவர்களுக்கும் இதே கதைதான்.

ஆனால் “ஆறு மாதத்தில் தானாக” என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். திட உணவு தொடங்கிய நாளில் பால் நிற்பதில்லை. இரவில் மூன்று முறை குடிக்கும் குழந்தை இருந்தால் புரோலாக்டின் உயர்ந்தேதான் இருக்கும். பயிற்சி விஷயத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மாலையில் எழுதுகிறேன்.

ஆறாவது வாரப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கருப்பை சுருங்கியதா, ரத்தப்போக்கு நின்றதா, தையல் மூடியதா என்று பார்ப்பார்கள். தோல் மூடினால் ‘சரி’ என்று சொல்லிவிடுவார்கள். உள்ளே தழும்பு இழுக்கிறதா, தசை தளர்கிறதா, தோலில் ஈரம் இருக்கிறதா என்று பல இடங்களில் பார்ப்பதே இல்லை. அந்த ‘சரி’க்கு இனித் தொற்று பயம் குறைவு என்றுதான் பொருள். அதை உங்கள் வீட்டில் ஒரு தேதி குறித்த மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். உங்கள் மனைவியும் அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார். “டாக்டரே சொல்லிவிட்டார், எனக்குத்தான் ஏதோ கோளாறு” என்று.

புதுவரவு · ஜூன் 4, மதியம் 1:31

பால் கொடுக்கும்போது கரு தங்காது என்றுதான் கேள்விப்பட்டேன். மறுபடி கர்ப்பமாகிடுமோங்கிற பயத்தில்தான் அவங்க விலகுறாங்கன்னா எடுத்துச் சொல்லலாமே? எங்க வீட்டுலயும் எதுவும் பயன்படுத்தல, குழந்தைக்கு எட்டு மாசம் ஆச்சு.

குறிஞ்சி · ஜூன் 4, மதியம் 2:10

அவர் கேட்டது அதுவல்ல. ஆனாலும் இதை அப்படியே விட முடியாது. பால் கொடுப்பது கருத்தடையாக வேலை செய்ய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, மாதவிடாய் வந்திருக்கக் கூடாது, பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். ஒன்று போனாலும் பாதுகாப்பு போயிற்று. எட்டு மாதத்தில் உங்களுக்கு அது இல்லவே இல்லை. முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம், அதனால் “இன்னும் வரலையே” என்பது காவல் ஆகாது. இன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவருக்கும் இது பொருந்தும். உங்களுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. மறுபடி கர்ப்பமாகிவிடுவோமோ என்ற பயம் உள்ளே ஓடும்போது எந்த உடம்பும் தளராது. கருத்தடைப் பேச்சை நீங்களே எடுங்கள். அவர் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இடுப்புத்தளம் · ஜூன் 4, மாலை 7:40

காலையில் சொன்ன ஆபத்து இதுதான்.

வலி மூன்று இடத்திலிருந்து வரலாம், மூன்றும் வேறு வேறு மாதிரி இருக்கும். வறட்சி என்றால் பிறப்புவாய் முழுக்க எரிச்சல், உராய்வு, பிறகு சிறுநீர் கழிக்கும்போதும் சுள்ளென்று இருக்கும். தழும்பு என்றால் கீழ்ப்பக்கம், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில் அல்லது கொஞ்சம் ஓரமாக, ஒரே புள்ளியில் கூர்மையாகக் குத்தும். விரல் வைத்துக் காட்ட முடியும். தசை என்றால் சுவரில் முட்டியது போல இருக்கும், உள்ளே போகவே விடாது, முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் வலித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வகைக்குத் தசையை இறுக்கும் பயிற்சி கொடுத்தால் வலி கூடும். ஏற்கெனவே விடாமல் இறுகி நிற்கும் தசையை இன்னும் இறுக்கச் சொல்கிறோம். தோள்கள் காதுவரை ஏறுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அப்படித் தோளை ஏற்றும் பெண்ணின் இடுப்புத்தளமும் பெரும்பாலும் மேலே ஏறித்தான் இருக்கும். முதலில் கற்க வேண்டியது விடுவது. ஒருக்களித்துப் படுத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிற்றை மென்மையாக விட்டு, சிறுநீர் கழிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் தசை எப்படி இறங்குமோ அப்படி இறங்க விடுவது. ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை போதும். நேரில் பார்த்தபின் எது முதலில் என்று முடிவு செய்யலாம்.

வறட்சிக்கு நீர் சார்ந்த வழவழப்பு ஜெல். தாராளமாக, இருவர் மேலும். எண்ணெய் வகை எதுவும் ரப்பர் ஆணுறையைக் கிழித்துவிடும், இரண்டையும் சேர்க்காதீர்கள். ஜெல் போதவில்லை என்றால் உள்ளே பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு. பால் கொடுப்பவர்களுக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள், ஆனால் அவர்கள் பார்த்து எழுதித்தான் வாங்க வேண்டும்.

தழும்புக்கு மசாஜ். காயம் முழுக்க ஆறியபின், சுத்தமான கட்டைவிரலால், வலிக்கும் புள்ளியை மெல்ல அழுத்தி, அந்த உணர்வு மங்கும்வரை பிடித்து, பிறகு நகர்த்துவது. ஐந்து நிமிடம். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் அழுத்தம் அதிகம். இதை அவர் தானே செய்யட்டும். கணவர் செய்தால் அது சிகிச்சையா நெருக்கமா என்று உடம்புக்குக் குழப்பம் வரும். நான் பார்த்தவரை குழம்பிய உடம்பு இறுகத்தான் செய்கிறது.

நடுநிசி அப்பா · ஜூன் 5, அதிகாலை 1:15

படித்துக் காட்டினேன். மூன்றாவது என்று உடனே சொன்னாள், இரண்டாவதும் கொஞ்சம் என்றாள். “இப்படி மூணா பிரிச்சு யாருமே என்கிட்ட கேட்கல” என்றாள்.

ஆனால் தோளைத் தொடுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தோள் வலிக்காதே.

குறிஞ்சி · ஜூன் 5, காலை 10:22

சம்பந்தம் இருக்கிறது. இரண்டு முறை வலித்தது, இரண்டுமே ஒரு தொடுதலில் தொடங்கியிருக்கும். தோளில் கை, பிறகு முத்தம், பிறகு படுக்கை. உடம்பு அந்த வரிசையைக் கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது வரிசையின் முதல் படியிலேயே கதவைச் சாத்துகிறது. நீங்கள் கேட்பதை நிறுத்தியது நல்லதுதான், ஆனால் நிறுத்தியதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் ஒவ்வொரு தொடுதலும் ஒரு கேள்வியாகவே அவர் தோளில் இறங்கும். “இன்னைக்கா?”

இன்னொன்றும் உண்டு. பகல் முழுக்க ஒரு குழந்தை மார்பைப் பிடித்து, முடியை இழுத்து, மடியிலேயே தூங்குகிறது. மாலை ஆகும்போது தோலுக்கே போதும் போதும் என்று ஆகிவிடும். அந்த நேரத்தில் வரும் கை யாருடையதாக இருந்தாலும் அது இன்னொரு கைதான். அதில் உங்கள் மேல் வெறுப்பு எதுவும் இல்லை. குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள், யாரும் தொடாத நாற்பது நிமிடம் அவருக்குக் கிடைக்கட்டும். அதற்குப் பிறகு அவர் கை தானாக உங்கள் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும் அந்த நாற்பது நிமிடம் அவருடையதுதான்.

ராஜ்72 · ஜூன் 5, மதியம் 12:47

பயிற்சி பற்றி நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். இறுகிய தசை என்று ஒன்று இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

ஒரு சந்தேகம். பாலை நிறுத்திவிட்டால் ஈஸ்ட்ரோஜன் திரும்பிவிடும் அல்லவா? அப்படியானால் இதற்கெல்லாம் சுருக்கு வழி அதுதானே?

இடுப்புத்தளம் · ஜூன் 5, மாலை 6:58

நிறுத்தினால் வறட்சி பெரும்பாலும் சில வாரங்களில் குறையும், உண்மைதான். ஆனால் தழும்பும் இறுகிய தசையும் அப்படியே இருக்கும். பாலை நிறுத்துவது அவரும் குழந்தையும் சம்பந்தப்பட்ட முடிவு. உடலுறவுக்காகக் கணவர் கேட்டு நிறுத்தினால், அடுத்த முறை வலிக்கும்போது “இதுக்காகவா நிறுத்தினேன்” என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். கிரீமால் ஆகக்கூடிய வேலைக்கு இவ்வளவு பெரிய விலை வேண்டாம்.

குறிஞ்சி · ஜூன் 5, இரவு 9:30

“நான் யாருன்னே தெரியல” என்று அவர் சொன்னதை இங்கே எல்லாரும் தாண்டிப் போய்விட்டோம். எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது.

மானுடவியலாளர் டானா ரஃபேல் 1970களில் இதற்கு ‘மேட்ரசென்ஸ்’ என்று பெயர் வைத்தார். பிள்ளைப் பருவத்திலிருந்து வாலிபத்துக்குப் போகும்போது உடம்பும் மனமும் ஊரார் பார்வையும் ஒரே நேரத்தில் மாறுகின்றன அல்லவா, தாயாகும்போதும் அதேபோல மாறுகிறது என்பது கருத்து. பதினான்கு வயதுப் பிள்ளை குழம்பினால் “வயசு அப்படி” என்கிறோம். தாய் குழம்பினால் “குழந்தை நல்லா இருக்கே, அப்புறம் என்ன” என்கிறோம்.

வீட்டில் இது எப்படித் தெரியும் என்றால், நாள் முழுக்க யாரும் அவர் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கணவர்கூட “பாப்பா அம்மா” என்று கூப்பிடத் தொடங்கியிருப்பார். வருகிறவர்கள் பால் போதுமா, எடை ஏறுகிறதா என்று மட்டும் கேட்பார்கள். ஆசை என்பது ஒரு ஆளுக்கு வருவது. அந்த ஆளே எங்கோ தொலைந்திருக்கும்போது ஆசையை மட்டும் தனியாகத் தேடினால் கிடைக்காது.

கணவர் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் துல்லியமாக இருக்க வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். குழந்தையைப் பற்றி அல்லாத ஒரு கேள்வி கேளுங்கள். “என்ன உதவி வேணும் சொல்லு” என்று மட்டும் கேட்காதீர்கள், ஏனென்றால் யோசித்துப் பங்கு பிரிக்கும் வேலை மறுபடி அவர் தலையில்தான் விழும். ஒரு வேலையை வேரோடு எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி என்றால் தேதி நினைவில் வைப்பது, அட்டையை எடுப்பது, போட்ட அன்று இரவு காய்ச்சல் பார்ப்பது எல்லாமே உங்களுடையது. அவர் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தால் நீங்கள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

இதைச் செய்துவிட்டு இரவில் கூலி எதிர்பார்த்தால், பாத்திரம் கழுவுவதும் அந்தத் தொடுதல் வரிசையில் சேர்ந்துவிடும். அதைப் பார்த்தாலும் தோள் ஏறும்.

தூரத்துப்பார்வை · ஜூன் 6, காலை 8:11

இது மனச்சோர்வாக இருக்கலாம் என்று ஏன் யாரும் சொல்லவில்லை? ஆசை இல்லை, யார் என்றே தெரியவில்லை என்கிறார். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இடுப்புத்தளம் · ஜூன் 6, காலை 11:50

கேட்டது சரி, முடிவுதான் அவசரம். வலியும் தூக்கமின்மையும் இருக்கும்போது ஆசை மட்டும் போவது மனச்சோர்வு ஆகாது. குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியாமல் விழித்துக் கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் சுவை இல்லாமல் இரண்டு வாரம் போவது, தான் மோசமான தாய் என்று விடாமல் சொல்வது, இவை இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று 1987இலிருந்து இருக்கிறது. பத்தே கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றி. பல மருத்துவர்கள் வைத்திருப்பார்கள், அதில் கடைசிக் கேள்வி தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஆம்’ என்று வந்தால், அல்லது குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணம் வருவதாகச் சொன்னால், அன்றைக்கே மருத்துவமனை. காத்திருக்கக் கூடாது.

பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டும் அழற்சி கண்டு குறையும், இந்த நான்கு முதல் எட்டு மாதத்தில்தான் அந்தச் சோர்வு காட்டும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நடுநிசி அப்பா · ஜூன் 6, இரவு 11:20

நீங்கள் சொன்ன அறிகுறிகள் எதுவும் இல்லை, கேட்டேன். வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் போகிறோம். தடுப்பூசி அட்டை இனி என் பையில் இருக்கும்.

நிறுத்தியதை அவளிடம் சொல்லவில்லை என்பது உண்மைதான். எப்படிச் சொல்வது?

இடுப்புத்தளம் · ஜூன் 7, காலை 9:45

தேதியோடு சொல்லுங்கள். “ஜூலை கடைசிவரை உடலுறவு கிடையாது. நீ கேட்டாலும் கிடையாது. அதுவரை நான் தொடுவதற்கு அந்த அர்த்தமே இல்லை.” நீ கேட்டாலும் கிடையாது என்பதுதான் முக்கியம். உங்களுக்காகப் பரிதாபப்பட்டு அவர் பல்லைக் கடித்துச் சம்மதிக்கும் வழியை அது அடைத்துவிடும். வலியோடு சம்மதிக்கும் ஒவ்வொரு முறையும் தசை இன்னும் நன்றாகப் பாடம் கற்றுக்கொள்கிறது.

பிறகு தொடுதலை அடியிலிருந்து திரும்பக் கட்டுவது. பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970களில் பரவலாக்கிய முறை. வாரம் இரண்டு முறை, இருபது நிமிடம். பத்து நிமிடம் ஒருவர் தொடுகிறார், பத்து நிமிடம் மற்றவர். மார்பும் பிறப்புறுப்பும் முதல் சில வாரம் விலக்கு. கை, முதுகு, பாதம், தலை. எங்கே, எவ்வளவு அழுத்தம் என்று தொடப்படுபவர் சொல்ல வேண்டும். பால் ஊட்டி முடித்த உடனே வைத்துக்கொண்டால் மார்பு கனக்காது. உணர்ச்சி கூடினால் பால் வடியும், ஆக்ஸிடோசின் என்ற அதே ஹார்மோன்தான் இரண்டிலும் சுரக்கிறது. ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும், இருவருமே அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இது கெடுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நான்காவது தடவை நன்றாகப் போகும், கணவர் “அப்ப இன்னைக்கு…” என்று ஆரம்பிப்பார். அந்த ஒரு சொல்லில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

குறிஞ்சி · ஜூன் 7, மதியம் 3:05

இதில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. வாரம் இரண்டு முறை, இருபது நிமிடம் என்பது அவர் பட்டியலில் இன்னொரு வேலை. ஏற்கெனவே பால் நேரம், தூக்க நேரம் என்று கடிகாரத்தோடு வாழ்கிறார். முதல் மாதம் அந்த வாக்குறுதி மட்டும் போதும். தொடுதலுக்கு நேரம் குறிப்பது அவர் கையில் இருக்கட்டும்.

இடுப்புத்தளம் · ஜூன் 7, இரவு 8:16

நேரம் குறிக்காவிட்டால் தொடுதலே வீட்டை விட்டுப் போய்விடுகிறது என்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பயம் வேறு தொடாமலே வளரும். ஆனால் மிகவும் களைத்த பெண்களுக்கு நீங்கள் சொல்வதுதான் பொருந்தும் என்பதையும் பார்த்திருக்கிறேன். எந்த வீட்டுக்கு எது என்று இங்கிருந்து சொல்ல என்னால் முடியாது. அவரிடமே கேளுங்கள்.

நடுநிசி அப்பா · ஜூலை 2, இரவு 12:34

மருத்துவர் பார்த்தார். வலது ஓரத்தில் தழும்பு ஒரு இடத்தில் தடித்திருக்கிறது, தசையும் இறுக்கம் என்றார். கிரீம் எழுதினார், பிசியோதெரபிக்கு அனுப்பினார். தைராய்டு சரியாக இருக்கிறது. கருத்தடைக்கும் அங்கேயே பேசிவிட்டோம்.

இரண்டு முறைகளையும் சொல்லிக் கேட்டேன். “நேரம் வேண்டாம், முதுகு மட்டும் போதும், நான் சொல்லும்போது” என்றாள். இதுவரை மூன்று முறை சொன்னாள். ஒருமுறை இரண்டாவது நிமிடத்திலேயே குழந்தை எழுந்துவிட்டது. நேற்று பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன், தொடவில்லை. அவளே சாய்ந்தாள்.

ஒரு கேள்வி. ஜூலை முடிந்தபின் என்ன செய்வது? அவள் கேட்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாதா? மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இடுப்புத்தளம் · ஜூலை 2, காலை 9:12

ஏக்கத்தைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மறைத்தால் அது முகத்தில் தெரியும், அவர் அதைக் கோபம் என்று படிப்பார். படுக்கையில் வேண்டாம், பகலில், இருவரும் ஆடையோடு இருக்கும்போது சொல்லுங்கள். “உன் நினைப்பாக இருக்கு. இதுக்கு நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்று இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திவிடுங்கள்.

ஜூலை முடிந்ததும் தேதியைத் தள்ளிப் போடுவதா என்று அவரிடம் கேளுங்கள். தொடங்குவதாக இருந்தால் முதலில் அவருடைய விரல், ஜெல்லோடு, தனியாக. அதில் வலி இல்லாமல் ஒரு வாரம் போகட்டும். பிறகு சேரும்போது அவர் மேலேயோ, இருவரும் ஒருக்களித்தோ. ஆழமும் வேகமும் அவர் கையில் இருக்கும். சுவர் போல முட்டினால் தள்ளாதீர்கள், அங்கேயே நின்று அவர் மூச்சு இறங்கும்வரை இருங்கள். இறங்காவிட்டால் அன்றைக்கு அத்தோடு முதுகு தேய்த்துவிட்டுத் தூங்குங்கள்.

புதுவரவு · ஜூலை 2, மாலை 5:50

குறிஞ்சி அக்கா, நீங்க சொன்ன மறுநாளே போனோம். பரிசோதனையில் இல்லைன்னு வந்தது. இப்ப ஒரு வழி பண்ணிட்டோம். என் மனைவிகிட்ட அந்த மூணு வகை வலியையும் கேட்டேன், முதல் வகைன்னு சொல்றாங்க. எட்டு மாசமா சொல்லவே இல்லை. ஜெல் எத்தனை நாளைக்குப் பயன்படுத்தலாம்?

இடுப்புத்தளம் · ஜூலை 2, இரவு 9:03

வேண்டும்வரை. கணக்கு எதுவும் இல்லை. ஜெல்லே எரிந்தால் மட்டும் வேறு தயாரிப்புக்கு மாற்றுங்கள், கிளிசரினும் வாசனையும் இல்லாததாகப் பாருங்கள். ஜெல் போட்டும் எரிந்தால் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.